கடன் அட்டையில் ஐந்து கட்டம்
(நமது நகர் மகளிர் சுய உதவிக்குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காகவும் மற்ற வாசகர்களுக்காகவும் இங்கே தரப்படுகிறது.)



என்னைப் பேச அழைத்தபோது, "சார், கணக்கு எழுதுறதைப் பத்தி அரை மணி நேரம் சொல்லுங்க" என்று கேட்டார்கள். சுய உதவிக்குழு வைத்திருக்க வேண்டிய புத்தகங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினால் அரை நாள் ஆகும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ் புத்தகம் என்று வரிசையாக இருக்கிறது. மகளிர் திட்டப் பயிற்சியில் இதையெல்லாம் உங்கள் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கேட்டிருப்பார்கள். ஆகவே இன்று ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் உறுப்பினர் குழுவிடம் வாங்கிய கடனை எப்படி எழுதி வைப்பது? குழுவில் சண்டை வருவது பெரும்பாலும் சேமிப்பில் அல்ல. சேமிப்பு மாதம் நூறு ரூபாய் என்றால் எல்லோருக்கும் நூறுதான், விரல் விட்டே எண்ணிவிடலாம். கடன் அப்படி இல்லை. அது மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கிறது.

நம் பக்கத்தில் அது இன்னும் கூடுதலாக மாறும். வங்கியில் நான் பார்த்த கடன் விண்ணப்பங்களில் "மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்து வருபவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்து யோசிப்பார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசியில் வேலைக்கு ஆள் போதாது. தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மழை பிடித்தால் காயப்போட முடியாது, வேலை நிற்கும். தீப்பெட்டிக்கும் வெயில் வேண்டும். அச்சகம் என்றால் காலண்டர், டைரி சீசனில் ராத்திரி ஷிப்டு, பிறகு ஓய்வு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை சொன்னது. அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்களே பார்த்தவர்கள். இப்படி வருமானம் உள்ள ஊரில் "மாதம் ஆயிரம், பத்து மாதம்" என்று ஒரு கடனைக் கொடுத்துவிட்டு, அது அப்படியே வரும் என்று எதிர்பார்த்துக் கணக்கு வைக்க முடியாது. ஒரு மாதம் இரட்டிப்பாக வரும், ஒரு மாதம் முந்நூறு வரும், ஒரு மாதம் வராது. இந்த மூன்றையும் சரியாக எழுதத் தெரிந்தால் போதும்.

பல குழுக்களில் நடப்பது என்ன? ஒரு நோட்டில் கடன் வாங்கியவர் பெயர் எழுதி, பக்கத்தில் பத்துக் கட்டம் போட்டு, பணம் கட்டியதும் ஒரு டிக். டிக் போடுவது எளிது. மாதாமாதம் ஒரே தொகை வரும்வரை அதில் தப்பும் இல்லை. ஆனால் முந்நூறு ரூபாய் கட்டினால் எவ்வளவு டிக் போடுவது? இரண்டாயிரம் கட்டினால் ஒரு டிக்கா, இரண்டா? நோட்டு எழுதுபவருக்கு அன்று ஞாபகம் இருக்கும். நான்கு மாதம் கழித்து, வேறு ஒருவர் நோட்டை எடுக்கும்போது அந்த ஞாபகம் நோட்டில் இருக்காது.

ஆகவே டிக்கை விட்டுவிட்டு, கடனுக்கு ஒன்று என்று ஓர் அட்டை போடுங்கள். பள்ளிக்கூட நோட்டு அட்டையை வெட்டினாலும் போதும். மேலே உறுப்பினர் எண், பெயர், கடன் கொடுத்த தேதி, தொகை, வட்டி, எதற்காக வாங்கினார், எந்தத் தேதித் தீர்மானத்தில் ஒப்புக்கொண்டோம் என்பதை எழுதுங்கள். கீழே ஐந்து கட்டம்: தேதி, கட்டிய தொகை, அதில் வட்டி, அதில் அசல், மீதி அசல். ஓரத்தில் கையெழுத்துக்குக் கொஞ்சம் இடம். அட்டை இரண்டு பிரதி. ஒன்று குழுவிடம், ஒன்று கடன் வாங்கியவரிடம். பாஸ் புத்தகத்திலேயே கடன் பக்கம் இருந்தால் உறுப்பினர் பிரதிக்கு அதுவே போதும், தனி அட்டை தேவையில்லை.

இப்போது ஒரு கடனை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், 7ஆம் எண் உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். பட்டாசு ஆலையில் வேலை. மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு 2024 ஜூன் 5ஆம் தேதிக் கூட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் ஆயிரம் அசல். கூட்டம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. உங்கள் குழுவில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று இருக்கலாம். அது உங்கள் தீர்மானம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

விதி இரண்டு மட்டும். ஒன்று, வட்டி போன மாதம் மீதி நின்ற அசலுக்குத்தான், முதலில் வாங்கிய பத்தாயிரத்துக்கு அல்ல. இரண்டு, வந்த பணத்தில் முதலில் வட்டியைக் கழிக்க வேண்டும், மிஞ்சியதுதான் அசலுக்குப் போகும். காசு வந்தால் ஐம்பது காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்று ஒரு தடவை தீர்மானம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி முழுமையாக்கக் கூடாது.

ஜூலை 5. மீதி பத்தாயிரம், வட்டி 100. அவர் 1,100 கட்டுகிறார். அசல் 1,000 குறைந்து மீதி 9,000. ஆகஸ்ட், செப்டம்பர் இப்படியே போகிறது. அக்டோபரில் சீசன் உச்சம், கையில் பணம் இருக்கிறது, 2,070 கொண்டு வருகிறார். வட்டி 70, அசல் 2,000. மீதி 5,000.

அக்டோபர் 31 தீபாவளி. நவம்பர் 5 கூட்டத்தின்போது ஆலை பூட்டியிருக்கிறது. முந்நூறு ரூபாய்தான் கொண்டு வருகிறார். வட்டி 50 போக அசலுக்கு 250. மீதி 4,750. டிசம்பரில் ஒன்றும் இல்லை. வட்டி 48 ரூபாய் வர வேண்டும், வரவில்லை. இங்கேதான் எழுதுபவர் கவனிக்க வேண்டும். பணம் வரவில்லை என்பதற்காக அந்த மாத வரியை எழுதாமல் விடக் கூடாது. "கட்டவில்லை, வட்டி பாக்கி 48" என்று எழுதி, மீதி 4,750 என்றே போட வேண்டும். அந்த 48ஐ அசலோடு சேர்த்து 4,798 என்று எழுதக் கூடாது. சேர்த்தால் அடுத்த மாதம் வட்டிக்கு வட்டி விழும். அதுதான் கந்துவட்டிக்காரர் செய்வது.

ஜனவரியில் ஆயிரம் ரூபாய் வருகிறது. டிசம்பர் வட்டி 48, ஜனவரி வட்டி 48, ஆக 96. மிச்சம் 904 அசலுக்கு. மீதி 3,846. அதன் பிறகு வேலை சீராகிவிடுகிறது. முழு அட்டை இப்படி இருக்கும்:

| தேதி | கட்டியது | வட்டி | அசல் | மீதி அசல் |
|---|---|---|---|---|
| 5.6.2024 | – | – | – | 10,000 |
| 5.7.2024 | 1,100 | 100 | 1,000 | 9,000 |
| 5.8.2024 | 1,090 | 90 | 1,000 | 8,000 |
| 5.9.2024 | 1,080 | 80 | 1,000 | 7,000 |
| 5.10.2024 | 2,070 | 70 | 2,000 | 5,000 |
| 5.11.2024 | 300 | 50 | 250 | 4,750 |
| 5.12.2024 | இல்லை | பாக்கி 48 | – | 4,750 |
| 5.1.2025 | 1,000 | 96 | 904 | 3,846 |
| 5.2.2025 | 1,038 | 38 | 1,000 | 2,846 |
| 5.3.2025 | 1,028 | 28 | 1,000 | 1,846 |
| 5.4.2025 | 1,018 | 18 | 1,000 | 846 |
| 5.5.2025 | 854 | 8 | 846 | கடன் தீர்ந்தது |

மொத்தம் கட்டியது 10,578. அசல் பத்தாயிரம் போக வட்டி 578. ஒரு மாதம்கூடப் பிசகாமல் பத்து மாதத்தில் கட்டியிருந்தால் வட்டி 550 ஆகியிருக்கும். ஒரு மாதம் கட்டாமல், ஒரு மாதம் அரைகுறையாகக் கட்டி, ஒரு மாதம் தாமதமாக முடித்ததற்கு அவருக்கு ஆன கூடுதல் செலவு 28 ரூபாய். இந்த எண்ணை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். தவணை தவறிய பெண்ணைக் கூட்டத்தில் வைத்து ஏசுவதையும், அவர் அடுத்த கூட்டத்துக்கு வராமல் ஒளிவதையும், அந்த ஆயிரத்துக்காக மீட்டர் வட்டிக்குப் போவதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அட்டை கையில் இருந்தால் தகராறு எத்தனை ரூபாய்க்கு என்று தெரியும். குழுவுக்குச் சேர வேண்டியது குழுவுக்கு வந்துவிட்டது என்பதும் தெரியும்.

இதே கடன் டிக் நோட்டில் இருந்திருந்தால்? அக்டோபரில் கட்டிய 2,070க்கு ஒரு டிக் போட்டிருப்பார்கள். மீதி ஆறாயிரம் என்று குழு சொல்லும், ஐயாயிரம் என்று அவர் சொல்வார். ஆயிரம் ரூபாய் வித்தியாசம், இரண்டு பக்கமும் சாட்சி இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. கணக்குப் போடச் சோம்பல்பட்டு, "பத்தாயிரத்துக்கு மாதம் நூறு வட்டி" என்று கடைசி வரை நூறாகவே வாங்கிவிடுவது. அப்படியானால் பதினோரு மாதத்துக்கு 1,100. அவர் கொடுக்க வேண்டியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கும், வாங்குவது வேறாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மைக்ரோ பைனான்ஸ் ஆட்களிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வட்டி மீதி அசலுக்கா, வாங்கிய அசலுக்கா? ஒரே வட்டி விகிதம் சொன்னாலும் கட்டும் தொகை வேறு.

அடுத்தது, எழுதும் இடம். அட்டை கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுதப்பட வேண்டும். பணத்தை எண்ணி வாங்கியதும் இரண்டு பிரதியிலும் ஒரே நேரத்தில் எழுதி, "7ஆம் எண், கட்டியது ஆயிரம், வட்டி தொண்ணூற்றாறு, அசல் தொள்ளாயிரத்து நான்கு, மீதி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு" என்று சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் மீதியைத் திருப்பிச் சொல்லட்டும். கணக்குத் தெரியாது என்று யாரையும் நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் குழாய்க்கு எவ்வளவு, ஒரு குரோஸுக்கு எவ்வளவு என்று வாரக்கூலியை மனக்கணக்காகவே போட்டு மேஸ்திரியிடம் வாதாடுபவர்களுக்கு ஒரு மீதியை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியும். காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, ஊக்குநரும் உறுப்பினரும் பக்கத்தில் சிறு கையெழுத்து இட வேண்டும். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, பென்சில் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. தணிக்கைக்கு வருபவர் தப்பைப் பார்த்துக் கோபப்படமாட்டார், மறைத்ததைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார்.

கூட்டத்துக்கு நடுவில் வரும் பணம்தான் பெரிய ஆபத்து. "அக்கா, சனிக்கிழமை சம்பளம் வாங்கினேன், வச்சிருந்தா செலவாயிரும், இதைப் பிடிங்க" என்று தெருவில் வைத்து ஐந்நூறு ரூபாயைப் பிரதிநிதி கையில் கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஐந்நூறு அட்டையிலும் இல்லை, ரொக்கப் புத்தகத்திலும் இல்லை. கூடுமானவரை வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒரு ரசீது, இல்லையென்றால் உறுப்பினருடைய பிரதியில் தேதி போட்டுத் தொகையும் கையெழுத்தும். கூட்டத்தில் முதல் வேலையாக அதைக் குழுப் பிரதியில் ஏற்றிவிட வேண்டும். ஜிபே-யில் அனுப்பினாலும் அதே கதைதான். பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்குப் பணம் போனால் அது குழுப் பணம் என்று வங்கிக்குத் தெரியாது. குழுவின் சேமிப்புக் கணக்குக்கே நேராகப் போகட்டும்.

ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் வாங்குவதையும் சொல்ல வேண்டும். "என் பேருல எடுத்து மதினிக்குக் குடுத்தேன்" என்பது நம் பக்கம் சகஜம். அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கடன்காரர். குழுவுக்கு வேறு யாரையும் தெரியாது. இதைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான்.

சரி, ஒவ்வோர் அட்டையும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மாதம் ஒரு தடவை ஒட்டுமொத்தமாக ஒத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் நாங்கள் தினமும் மாலையில் செய்ததை நீங்கள் மாதம் ஒரு நாள் செய்தால் போதும். பன்னிரண்டு பேர் உள்ள குழு, ஆளுக்கு மாதம் நூறு, முப்பது மாதம் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 36,000. இதுவரை சேர்ந்த வட்டி லாபம் 4,200. ஆக, குழுவுக்குச் சொந்தமான பணம் 40,200. இந்தப் பணம் எங்கேயோ இருக்க வேண்டும். இருக்கக்கூடிய இடம் மூன்றுதான்: உறுப்பினர்களிடம் கடனாக, வங்கிக் கணக்கில், பெட்டியில் ரொக்கமாக. 2025 ஜனவரி 5 அன்று நான்கு கடன் நிற்கிறது. நம் 7ஆம் எண்ணின் 3,846, மற்றவர்கள் 12,000, 9,500, 8,000. கூட்டினால் 33,346. பாஸ் புத்தகத்தில் 6,404, பெட்டியில் 450. மூன்றையும் கூட்டுங்கள், 40,200 வருகிறது. ஒத்துப்போய்விட்டது. வங்கிக் கடனோ சுழல் நிதியோ வாங்கியிருந்தால் அதையும் வந்த பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துப்போகவில்லை என்றால் உடனே யார்மேலும் சந்தேகப்படாதீர்கள். வித்தியாசத் தொகையே பாதி விடை சொல்லும். ஆயிரம், ஐந்நூறு என்று முழு எண்ணாகக் குறைந்தால், ஏதோ ஒரு தவணை எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் கொடுத்த பணத்தில்தான் அநேகமாக இருக்கும். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்கலாம். 9,500ஐ 5,900 என்று எழுதினால் வித்தியாசம் 3,600, ஒன்பதால் வகுத்தால் 400. கிளார்க் வேலையில் முதல் வருடமே மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் வித்தை இது. எத்தனையோ ராத்திரி வீட்டுக்குப் போக வைத்திருக்கிறது. இன்னொன்று, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அந்தத் தொகையில் ஒரு பதிவு இருந்தால், வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதியிருக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகும் ஒத்துப்போகாவிட்டால் குறைவை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். ஏதாவது ஓர் எண்ணை மாற்றி ஒத்துப்போக வைக்கக் கூடாது.

வங்கிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. நபார்டு 1992இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து வங்கி கடன் கொடுப்பது குழுவுக்கு. வங்கி லெட்ஜரில் உங்கள் குழுவின் பெயரில் ஒரே ஒரு கணக்குதான் இருக்கும். அதை உள்ளே யார் யார் எவ்வளவு பிரித்துக்கொண்டீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. தெரிய வைப்பது உங்கள் அட்டைகள்தான். உள்கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் ஒரே அட்டையைப் பயன்படுத்தாதீர்கள். வட்டி வேறு, தவணைத் தேதி வேறு, திரும்பிப் போகும் இடமும் வேறு. நிறம் மாற்றி வைத்துக்கொண்டால் கலக்காது.

இது எப்போது உதவும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் சுய உதவிக்குழுக்கள் வாங்கியிருந்த கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 31.3.2021 அன்று நிலுவையில் நின்ற கடன், மொத்தம் 2,756 கோடி ரூபாய். கவனியுங்கள், கணக்கு ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலுவைக்கு. கூட்டுறவு வங்கி லெட்ஜரில் குழுவுக்கு ஒரே எண் இருக்கும். உதாரணத்துக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பன்னிரண்டு பேரில் ஒருத்தர் தன் பங்கை முழுதாகக் கட்டி முடித்திருப்பார், இன்னொருத்தர் பாதி கட்டியிருப்பார், மற்றொருத்தர் கட்டியதைப் பிரதிநிதி வங்கியில் போடத் தாமதித்திருப்பார். அந்த 60,000 யாருடைய 60,000? அந்தத் தேதியில் ஒவ்வோர் அட்டையின் கடைசிக் கட்டத்தில் என்ன இருந்தது என்பதுதான் பதில். அட்டைகளின் கூட்டல் 60,000 வந்தால் சண்டைக்கு இடமே இல்லை. வராவிட்டால், வந்த சலுகையே குழுவை உடைத்துவிடும்.

கொரோனா காலத்திலும் இப்படித்தான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. தள்ளிவைத்தது தவணையை, வட்டியை அல்ல. "ஆறு மாசம் கட்ட வேண்டாம்னு சொன்னாங்க" என்று கேட்ட பலர், அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடியதைப் பிறகுதான் அறிந்தார்கள். நம் 7ஆம் எண் அட்டையில் டிசம்பர் வரியைப் போல மாதாமாதம் "கட்டவில்லை, வட்டி பாக்கி இவ்வளவு" என்று எழுதிய குழுவில் அந்த அதிர்ச்சி வந்திருக்காது.

கடைசியாக ஒன்று. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் நம் ஊரில் சொல்லாமல் விட முடியாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ. காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வட்டத்திலேயே இருக்கின்றன. அப்படி ஓர் உறுப்பினர் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கடன் பேச்சு வந்துவிடும். "குழுவில பத்தாயிரம் வாங்கியிருந்தா" என்று ஒருவர் சொல்வார். வாங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டியது இறந்தவருக்கு மட்டும்தான் ஞாபகம்.

அதே 7ஆம் எண் அட்டையை ஜனவரி 5ஆம் தேதிக் கணக்கோடு எடுத்துப் பாருங்கள். மீதி அசல் 3,846, வட்டி பாக்கி இல்லை. அவருடைய சேமிப்பு குழுவிடம் 3,000 இருக்கிறது. லாபம் 4,200இல் பன்னிரண்டில் ஒரு பங்கு 350. விலகும் உறுப்பினருக்கு லாபப் பங்கு உண்டு என்று குழுவின் விதியில் இருந்தால், இரண்டும் சேர்ந்து 3,350. கடனில் கழித்தால் 496 ரூபாய். அந்தக் குடும்பம் குழுவுக்குத் தர வேண்டியது பத்தாயிரம் அல்ல, நானூற்றுத் தொண்ணூற்றாறு. அதைத் தள்ளிவிடலாமா, பன்னிரண்டு பேரில் மிச்சம் பதினொரு பேரும் பகிர்ந்துகொள்ளலாமா என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்துவிடலாம். அந்தக் கல்லூரிக்குப் போகும் மகளிடம் அம்மாவின் பிரதி இருந்தால் அவளே படித்துக்கொள்வாள். ஆகவே உறுப்பினர் பிரதியைப் பீரோவில் பூட்டி வைக்காமல், வீட்டில் இன்னும் ஒருவருக்காவது இடம் தெரியும்படி வையுங்கள். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே இதற்கான விதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். சேமிப்பைக் கடனில் கழிப்பதா, லாபப் பங்கு உண்டா, நியமனதாரர் யார்? துக்க வீட்டில் உட்கார்ந்து விதி போட முடியாது. 2018-19இல் ஆலை மூடியதைப் போல எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை போனாலும் இதேதான். அசல் தவணையை எத்தனை மாதம் நிறுத்துகிறோம், வட்டி ஓடுமா ஓடாதா என்று ஒரே தீர்மானமாக, எல்லோருக்கும் சேர்த்து எழுதி, அந்தத் தீர்மானத் தேதியை ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வரியாக ஏற்றுங்கள். ஆளைப் பார்த்து விட்டுக்கொடுத்தால் அட்டை இருந்தும் பயனில்லை.

கூட்டத்தில் சிலர் கேட்டார்கள், கைப்பேசியிலேயே இதைப் போட்டுவிடலாமே என்று. போடலாம், கூட்டல் கழித்தல் தப்பாது. ஆனால் கைப்பேசி ஒருவர் கையில் இருக்கும், அட்டை இரண்டு பேர் கையில் இருக்கும். கைப்பேசியில் போட்டாலும் உறுப்பினரின் பிரதியைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது கடன் நிற்கும் உறுப்பினர்களுக்குப் பழைய நோட்டிலிருந்து அட்டைக்கு மாற்றுவது எப்படி என்றும் கேட்டார்கள். பழைய டிக்குகளைத் தோண்டி ஆரம்பத்திலிருந்து எழுத முயல வேண்டாம், முடியாது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராக, இன்றைய மீதி இவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையை முதல் வரியில் எழுதி, ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், உறுப்பினர் நால்வரும் கையெழுத்திட்டால் போதும். ஒப்புக்கொள்ள முடியாத மீதி ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, பாஸ் புத்தகம், ரொக்கப் புத்தகம் இரண்டையும் வைத்துப் பார்ப்போம். அதற்கு நானும் வருகிறேன், வரும்போது கால்குலேட்டரும் சிவப்பு மைப் பேனாவும் கொண்டு வருகிறேன். அட்டைக்கு ஆகும் செலவை ரொக்கப் புத்தகத்தில் எழுதுபொருள் தலைப்பில் போடுங்கள்.